வாங்கிய விலைக்குக் கீழே போன பங்கை ஒன்றுக்கு இரண்டு கால் ஆப்ஷனால் சரிக்கட்டுவது எப்படி?

ஒரு நிறுவனத்தின் 500 பங்குகளை 1,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள். இன்று விலை 900. நஷ்டம் 50,000 ரூபாய். பங்கு மறுபடி 1,000-க்குப் போகும் என்ற நம்பிக்கை இல்லை, ஆனால் ஒரு மாதத்தில் 950 வரை வரும் என்று தோன்றுகிறது. இன்னொரு நாலரை லட்சம் போட்டு ஆவரேஜ் செய்யவும் மனமில்லை. இந்த நிலைக்கென்றே உள்ள முறைதான் ஸ்டாக் ரிப்பேர். ஒரு கால் ஆப்ஷனை வாங்கி, அதைவிட உயர்ந்த ஸ்ட்ரைக்கில் இரண்டு கால் ஆப்ஷன்களை விற்பது.

இந்த முறையைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சந்தையை வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே என்எஸ்இ-யில் செய்யப் போனவர்கள் மார்ஜினிலும் எக்ஸ்பைரி வாரத்திலும் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே எல்லாமே என்எஸ்இ பங்கு ஆப்ஷன்களுக்கான கணக்குதான். மேலே சொன்ன உதாரணத்தையே கடைசிவரை கொண்டுபோகிறேன். ஒரு லாட் 500 பங்குகள் என்றும் எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

## 1. ஆர்டருக்கு முன் கணக்கு

900 கால் ஆப்ஷன் 38 ரூபாய்க்குக் கிடைக்கிறது, 950 கால் ஆப்ஷன் 18.50-க்கு விலைபோகிறது. முதலாவதில் ஒன்றை வாங்கி, இரண்டாவதில் இரண்டை விற்றால் 38 கொடுத்து 37 வாங்குகிறோம். பங்குக்கு 1 ரூபாய், ஒரு லாட்டுக்கு 500 ரூபாய்தான் கைக்காசு.

எக்ஸ்பைரியில் பங்கு 925-ல் முடிந்தால், பங்கில் 75 ரூபாய் நஷ்டம், வாங்கிய காலில் 25 வரவு, போட்ட 1 ரூபாய் செலவு. ஆக 51 ரூபாய் நஷ்டம், அதாவது 25,500. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 37,500. விலை 950-ல் முடிந்தால் பங்கில் 50 நஷ்டம், காலில் 50 வரவு. அசல் தேறிவிட்டது, போட்ட 500 ரூபாய் மட்டும் போச்சு.

விலை 950-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிடுங்கள். 1,050-ல் முடிகிறது என்று வையுங்கள். பங்கில் 50 லாபம், 900 காலில் 150 லாபம், விற்ற இரண்டு 950 கால்களில் தலா 100 என 200 நஷ்டம். கூட்டினால் பூஜ்யம். 950-க்கு மேல் எங்கே முடிந்தாலும் அதே பூஜ்யம்தான், அதற்கு மேல் ஒரு பைசா வராது. பங்கில் வந்திருக்கக்கூடிய 25,000 ரூபாய் லாபத்தை விட்டுக்கொடுத்துத்தான் அசல் தேறும் விலையை 1,000-லிருந்து 950-க்கு இறக்குகிறோம்.

கீழ்ப்பக்கம் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 850-க்குப் போனால் 75,000 நஷ்டத்தோடு இந்த 500-ம் சேரும். ஆவரேஜ் செய்திருந்தாலும் அசல் தேறும் விலை 950-தான் ஆகியிருக்கும், ஆனால் 850-ல் நஷ்டம் 1,00,000 ஆகியிருக்கும். புதிதாகப் பெரிய பணத்தைப் பங்கில் போடாமல் அதே 950-ஐ எட்டுவதுதான் இதில் கிடைக்கும் ஆதாயம்.

## 2. உங்கள் பங்குக்கு இது ஒத்துவருமா?

முதலில் லாட். கையில் 300 பங்கு, லாட் 500 என்றால் இதைச் செய்யாதீர்கள். விற்கும் இரண்டு கால்களில் ஒன்றுக்கு வாங்கிய கால் துணை, இன்னொன்றுக்குக் கையிலிருக்கும் பங்கு துணை. 300 பங்குதான் இருக்கிறது என்றால் மீதி 200 பங்குக்கு வெறும் ஷார்ட். பங்கு ஏற ஏற அந்த 200-க்கு நஷ்டம் எல்லையில்லாமல் போகும். லாட் அளவை என்எஸ்இ அவ்வப்போது மாற்றும், அதனால் போன வருட நினைவை நம்பாமல் அன்றைக்கு ஆர்டர் விண்டோவில் பாருங்கள்.

இரண்டாவது, விழுந்த தூரம். எங்கள் உதாரணத்தில் விழுந்தது 10 சதவீதம், இன்றைய விலைக்கும் வாங்கிய விலைக்கும் நடுவிலுள்ள ஸ்ட்ரைக் 50 ரூபாய் மேலே. ஒரு மாதத்துக்குள் எட்டக்கூடிய தூரம் என்பதால் சந்தை அதற்கு 18.50 தருகிறது. 1,000-க்கு வாங்கிய பங்கு 700-க்கு வந்திருந்தால் நடு ஸ்ட்ரைக் 850. ஒரு மாதத்தில் 150 ரூபாய் ஏறும் என்று யாரும் பெரிய பிரீமியம் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளி விற்று இதைச் சமாளிப்பார்கள். இங்கே பங்கு ஆப்ஷன்களில் நடப்பு மாதத்தையும், ஓரளவுக்கு அடுத்த மாதத்தையும் விட்டால் ஆள் இருக்காது. என் அனுபவத்தில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்த பங்கை ஒரே தடவையில் சரிக்கட்ட முயல்வது வீண்.

மூன்றாவது, பங்கின் ஆட்டம். மேலே உள்ள பிரீமியங்கள், பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கும் அளவான இம்ப்ளைடு வொலாட்டிலிட்டி 35 சதவீதம் அளவில் இருக்கும்போது கிடைப்பவை. அதே பங்கில் அது 20 சதவீதம் என்றால் 900 கால் 23 ரூபாய்க்கும் 950 கால் 6 ரூபாய்க்கும்தான் இருக்கும். இரண்டு விற்றாலும் 12, ஆக 11 ரூபாய் கைக்காசு. லாட்டுக்கு 5,500. அமைதியாக இருக்கும் பங்கில் இந்த முறை இலவசம் கிடையாது.

கடைசியாக ஒன்று. நிறுவனத்தில் ஏதோ கெட்டுப்போய்ப் பங்கு இறங்கியிருந்தால் விற்றுவிட்டு வெளியே வாருங்கள். ரிப்பேர் செய்தால் அந்தப் பங்கோடு இன்னும் ஒரு மாதம் கட்டிப்போட்டுக்கொள்கிறீர்கள். சந்தையோடு சேர்ந்து இறங்கிய நல்ல பங்குக்குத்தான் இது.

## 3. மார்ஜினை முதலில் தயார் செய்யுங்கள்

கையில் பங்கு இருப்பதால் மார்ஜின் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் டீமேட்டில் பங்கு இருப்பதை மார்ஜின் கணக்கு பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரு வாங்கிய கால், இரண்டு விற்ற கால். வாங்கியது ஒன்றை ஈடுகட்டும், இன்னொன்று துணையில்லாத ஷார்ட். அதற்கு முழு மார்ஜின் உண்டு.

எவ்வளவு என்பது பங்குக்குப் பங்கு, நாளுக்கு நாள் மாறும். புரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டரில் மூன்று லாட்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு உங்கள் 500 பங்குகளையே பிளெட்ஜ் செய்யலாம். ஹேர்கட் என்று கழிக்கும் பகுதி போக மீதி மதிப்பு மார்ஜினாகக் கிடைக்கும். ஆனால் இரவு தாண்டி வைத்திருக்கும் நிலைக்குக் குறைந்தது பாதி மார்ஜின் ரொக்கமாகவோ, லிக்விட் ஃபண்டு போல ரொக்கத்துக்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறையும் தொகைக்குப் பல புரோக்கர்கள் தினமும் வட்டி போடுவார்கள்.

ஆக இந்த உதாரணத்துக்குக் கையில் வேண்டியது 50,000 ரூபாய் ரொக்க மார்ஜின், அதோடு 900 கால் வாங்க 19,000. பங்கு ஏறினால் மார்ஜின் தேவையும் ஏறும், அதற்கு இன்னும் ஒரு 25,000 ஒதுக்கி வையுங்கள். "கைக்காசு இல்லாமல் செய்வது" என்று இதை விவரிப்பவர்கள் இந்தத் தொகையைச் சொல்வதில்லை.

பிளெட்ஜை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஆர்டர் போடும் நாளில் ஓடிபி-க்காகக் காத்திருக்கும்போது விலை நகர்ந்துவிடும்.

## 4. ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுப்பது

வாங்குவது இன்றைய விலைக்கு அருகில். விற்பது இன்றைய விலைக்கும் வாங்கிய விலைக்கும் நடுவில். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் 950-ல் அசல் தேறும்.

நடு ஸ்ட்ரைக்கில் ஆள் இல்லையென்றோ பிரீமியம் போதவில்லையென்றோ பலர் கீழே இறங்கி 930-ஐ விற்கிறார்கள். ஒன்று 25 ரூபாய் என்றால் இரண்டுக்கு 50 வரும். 38 போக 12 ரூபாய் கைக்கு வரவு என்று மகிழ்ச்சி. ஆனால் 930-க்கு மேல் எங்கே முடிந்தாலும் பங்குக்கு 40 ரூபாய் நஷ்டம் பூட்டிவிட்டது. வரவு 12 போக 28, லாட்டுக்கு 14,000 நஷ்டம் நிச்சயம். தெரிந்தே செய்தால் தப்பில்லை, 50,000 நஷ்டம் 14,000 ஆவது நல்லதுதான். 1,000 வரை ஏறினாலும் அந்த 14,000 திரும்ப வராது என்பதை மட்டும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வரவு அதிகமாக வேண்டும் என்று மூன்று கால் விற்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மூன்றாவதுக்குத் துணையாக எதுவும் இல்லை.

அந்த மாதத்தில் காலாண்டு முடிவு வருகிறதா என்றும் பாருங்கள். முடிவுக்கு முன் பிரீமியம் கொழுத்திருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒரே நாளில் பங்கு எந்தப் பக்கம் குதித்தாலும் இந்த அமைப்புக்கு நல்லதில்லை. நான் முடிவு வந்தபிறகே தொடங்குவேன்.

## 5. ஆர்டர் போடும் வரிசை

காலை 10 மணிக்குப் பிறகு, வாங்க விற்க ஆட்கள் வந்து விலை நிதானப்பட்டதும் தொடங்குங்கள். பங்கு எஃப்&ஓ தடைப் பட்டியலில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டால் புது நிலை எடுக்க முடியாது, இருப்பதைக் குறைக்க மட்டும்தான் முடியும்.

```
1. BUY   1 lot   900 CE   LIMIT 38.00
2. SELL  2 lots  950 CE   LIMIT 18.50
```

வாங்குவது எப்போதும் முதலில். இரண்டை முதலில் விற்றால் அந்த நிமிடத்தில் உங்களிடம் இரண்டு வெறும் ஷார்ட். மார்ஜின் இரண்டுக்கும் கேட்கும், பெரும்பாலும் ஆர்டரே நிராகரிக்கப்படும். 900 கால் கைக்கு வந்ததும் தாமதிக்காமல் இரண்டு லாட்டையும் விற்றுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும், 20-க்கு விற்கலாம்" என்று காத்திருப்பது வேறு ஆட்டம்.

மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். பங்கு ஆப்ஷன்களில் வாங்குபவர் 37.20, விற்பவர் 38.60 என்று நிற்பது சாதாரணம். அந்த 1.40 ரூபாய் உங்கள் லாட்டுக்கு 700. மொத்தச் செலவே 500 என்று கணக்குப் போட்ட அமைப்பில் இது பெரிய தொகை. இரண்டுக்கும் நடுவில் விலை வைத்து, ஐந்து பத்து பைசாவாக நகர்த்துங்கள். இடைவெளி 3 ரூபாய்க்கு மேல் இருந்தால் அந்தப் பங்கை விட்டுவிடலாம், ஏனென்றால் வெளியே வரும்போதும் இதே இடைவெளியைக் கடக்க வேண்டும்.

## 6. நடு மாதத்தில் வரும் குழப்பம்

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்தாம் நாள் போன் செய்தார். "அண்ணே, பங்கு 950-க்கு வந்திருச்சு, ஆப்ஷன்ல ஒண்ணுமே வரலையே, தப்பாப் போட்டுட்டேனா?" என்றார். அவர் தப்பாகப் போடவில்லை. எல்லோரும் பதறும் இடம் இது.

நம் உதாரணத்திலேயே பார்ப்போம். 20 நாள் மீதமிருக்கும்போது பங்கு 950-க்கு வந்தால், 900 கால் ஏறக்குறைய 64 ரூபாய்க்கு இருக்கும். விற்ற 950 கால் ஒன்று 32.70, இரண்டுக்கு 65.40. எல்லாவற்றையும் அப்போதே முடித்தால் 1.40 ரூபாய் கையிலிருந்து போகும், தொடங்கும்போது போட்ட 1 ரூபாயும் போகும். பங்கு 50 ரூபாய் ஏறியும் ஆப்ஷன் பக்கம் ஏறக்குறைய 1,200 ரூபாய் நஷ்டம். பங்கிலும் இன்னும் 25,000 நஷ்டம் நிற்கிறது.

காரணம் எளிது. விற்ற இரண்டு கால்களிலும் இன்னும் 20 நாள் கால மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கரைந்து நம் பக்கம் வந்தால்தான் ரிப்பேர் முடியும். முக்கால்வாசி வேலை கடைசிப் பத்து நாளில்தான் நடக்கும். விலை 950-ஐ ஒட்டி நின்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரி.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே பத்தாம் நாளில் பங்கு 1,000-க்குப் பாய்ந்துவிட்டால் திரையில் ஆப்ஷன் நஷ்டம் 12,500 அளவுக்குக் காட்டும். பயந்துபோய் விற்ற கால்களை மட்டும் வாங்கி மூடாதீர்கள். எக்ஸ்பைரி வரை 950-க்கு மேல் நின்றால் மொத்த நஷ்டம் அந்த 500-தான். இங்கே பங்கு ஆப்ஷன்கள் 2011 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய வகை, அதனால் எக்ஸ்பைரிக்கு முன் யாரும் உங்கள் பங்கைக் கேட்டு வர முடியாது. மார்ஜின் தேவை கூடும், அவ்வளவுதான். 25,000 ஒதுக்கி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

## 7. எக்ஸ்பைரி வாரம்

2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் டெலிவரியில்தான் முடிகின்றன. இதனால் ஆபத்தான இடம் 900-க்கும் 950-க்கும் நடுவில்தான். 930-ல் முடிகிறது என்று வையுங்கள். விற்ற இரண்டும் மதிப்பில்லாமல் போகும், நல்லது. ஆனால் விலை 900-க்கு மேல் இருப்பதால் வாங்கிய 900 கால் பணத்தில் இருக்கிறது, அதாவது அதற்கு மதிப்பு உண்டு, அதனால் நீங்கள் இன்னும் 500 பங்குகளை 900 ரூபாய்க்கு எடுத்தே ஆக வேண்டும். 4,50,000 ரூபாய். ஆவரேஜ் செய்யப் பணமில்லை என்றுதானே இதற்கே வந்தோம்!

எக்ஸ்பைரிக்கு நான்கு வர்த்தக நாள் முன்பிருந்தே பணத்தில் இருக்கும் வாங்கிய ஆப்ஷனுக்கு டெலிவரி மார்ஜின் தினமும் படிப்படியாக ஏறும். கட்டவில்லையென்றால் புரோக்கரே அவருக்குத் தோன்றும் விலையில் முடித்துவிடுவார். இப்போது மாத எக்ஸ்பைரி கடைசிச் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் மிச்சமிருக்கும் சில ரூபாய்க் கால மதிப்புக்காகக் காத்திருந்து நாலரை லட்சத்தைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

முடிக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் விற்ற இரண்டையும் திரும்ப வாங்குங்கள், அப்புறம் 900 காலை விற்கவும். மாற்றிச் செய்தால் நடுவில் இரண்டும் வெறும் ஷார்ட் ஆகி மார்ஜின் எகிறும்.

விலை 950-க்கு மேல் இருந்தால் இரண்டு வழி. எக்ஸ்பைரி வரை விட்டால் வாங்கிய ஒரு லாட்டும் விற்ற இரண்டு லாட்டும் கழிந்து, நிகரமாக உங்கள் 500 பங்குகள் டெலிவரிக்குப் போகும். அதற்குப் பங்கு பிளெட்ஜிலிருந்து வெளியே வந்து டீமேட்டில் தயாராக இருக்க வேண்டும். பங்கு போய்ச் சேரவில்லையென்றால் ஏலத்துக்குப் போய் அபராதம் வரும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஆப்ஷன்களை மூடிவிட்டு அதே நாளில் பங்கையும் விற்றுவிடுவது. பங்கை மட்டும் வைத்துக்கொண்டால் அது புது முடிவு, பழைய ரிப்பேரின் தொடர்ச்சி அல்ல.

## 8. 900-க்குக் கீழே முடிந்தால்

மூன்று ஆப்ஷனும் பூஜ்யம். உங்களிடம் பங்கு மட்டும் இருக்கிறது, அதன் அசல் இப்போது 1,001. விலை 870 என்றால் அடுத்த மாதம் 870 வாங்கி, நடுவிலுள்ள 935-ஐ ஒட்டிய ஸ்ட்ரைக்கில் இரண்டு விற்கலாம். ஆனால் 2-ஆம் பிரிவில் சொன்ன தூரக் கணக்கை மறுபடி போடுங்கள். 1,001-லிருந்து 870 என்பது 13 சதவீத இறக்கம், எல்லையைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் 900-ஐ விற்றுப் பாதி நஷ்டத்தை ஏற்கலாம், அல்லது பங்கையே விற்கலாம். ஒவ்வொரு மாதமும் இறங்கி இறங்கி ரிப்பேர் செய்துகொண்டே போனவர்கள் கடைசியில் விற்ற இடம் முதல் மாதத்தைவிட மோசமாகத்தான் இருந்தது.

## 9. வரிக் கணக்கில் ஒரு பள்ளம்

பங்கில் வரும் லாப நஷ்டம் மூலதன ஆதாயத் தலைப்பில் வரும், ஆப்ஷனில் வருவது தொழில் வருமானம். மூலதன நஷ்டத்தைத் தொழில் வருமானத்தோடு கழிக்கச் சட்டம் இடம் தராது.

சரியாக 950-ல் முடித்து, பங்கையும் 950-க்கு விற்றீர்கள் என்று வையுங்கள். ஆப்ஷனில் 24,500 லாபம், பங்கில் 25,000 நஷ்டம். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் 24,500-க்கு உங்கள் வரி விகிதப்படி வரி உண்டு. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 7,350 ரூபாய், அதற்கு மேல் செஸ். பங்கின் 25,000 நஷ்டத்தை வேறு பங்கில் வந்தது போன்ற மூலதன ஆதாயத்தோடுதான் கழிக்கலாம், இல்லையென்றால் அடுத்த 8 ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

விலை 1,000-ல் முடிந்தால் இந்தச் சிக்கல் கிடையாது. பங்கிலும் ஏதும் இல்லை, ஆப்ஷனிலும் 500 ரூபாய் நஷ்டம்தான். அதனால் அந்த நிதியாண்டில் வேறு பங்கில் ஏற்கெனவே ஆதாயம் எடுத்தவர்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். ஆதாயம் எதுவும் இல்லாதவர்கள் 950 என்ற அசல் விலையோடு இந்த 7,350-ஐயும், அதாவது பங்குக்கு ஏறக்குறைய 15 ரூபாயையும், சேர்த்துப் பார்த்துவிட்டு முதல் ஆர்டரைப் போடுங்கள்.